"வழக்கமான பாதை" என்று எழுதினால் யார் அனுமதி கொடுப்பார்கள்?

பங்குனி, சித்திரை வந்தால் போதும், ஊருக்கு ஊர் ஒரே புலம்பல்தான்: "மைக் செட்டுக்கு பர்மிஷன் தர மாட்டேங்கிறாங்க, சாமி ஊர்வலத்துக்கு இழுத்தடிக்கிறாங்க." இழுத்தடிப்பது உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்த மனுக்களில் பாதி, "வழக்கம்போல் மாலை ஊர்வலம் புறப்பட்டு முக்கிய வீதிகள் வழியாகக் கோயிலை வந்தடையும்" என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகின்றன. எந்த வீதி, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்? இதெல்லாம் தெரியாமல் காவல் ஆய்வாளர் எதற்கு அனுமதி கொடுப்பார், எத்தனை காவலரை எங்கே நிறுத்துவார்?

முதலில் கணக்குப் போடுங்கள். ஓர் அம்மன் கோயில் சப்பரம் 2 கிலோமீட்டர் சுற்றி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேளம், கூட்டம், தோள் மாற்றுவது எல்லாம் சேர்ந்து ஒரு கிலோமீட்டருக்கு 40 நிமிடம் பிடிக்கும். வழியில் 6 மண்டகப்படி, ஒவ்வொன்றிலும் தேங்காய் உடைத்து தீபாராதனை காட்ட 15 நிமிடம். நடைக்கு 80, மண்டகப்படிக்கு 90, ஆக 170 நிமிடம். மனுவில் "இரவு 8 மணி" என்று எழுதினால் சப்பரம் திரும்பும்போது 10.50 ஆகிவிடும்.

சிக்கல் அங்கேதான். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பின்னால் வந்த திருத்தத்தில் இசைக்கருவிகளும் சேர்ந்துவிட்டன. மைக்கை அணைத்துவிட்டு மேளத்தை மட்டும் அடிக்கிறோம் என்ற வாதமும் நிற்காது. 12 மணி வரை தளர்வு உண்டே என்பார்கள். ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் அந்தத் தளர்வைக் கொடுக்கும் அதிகாரம் மாநில அரசுக்குத்தான். ஸ்டேஷனில் கெஞ்சி வாங்குகிற விஷயம் இல்லை அது. புறப்பாட்டை 6.30-க்கு மாற்றினால் 9.20-க்கு முடியும், 40 நிமிடம் கையிருப்பு. இதைச் சொன்னால் "நல்ல நேரம் 8 மணிக்குத்தான்" என்று ஒரு பெரியவர் கட்டாயம் எழுந்திருப்பார். சரி, அப்படியானால் மண்டகப்படியைக் குறையுங்கள்.

அப்புறம் பாதை. புறப்படும் இடம், திரும்பும் ஒவ்வொரு முக்கு, மண்டகப்படி நடக்கும் இடம், சேரும் இடம், நான்குக்கும் எதிரே நேரம் போட்டு ஒரு தாளில் கையால் வரைந்தாலே போதும். பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் அந்தத் துண்டைத் தனியாகக் குறித்து, அங்கே ஒலிபெருக்கி அணைக்கப்படும் என்று நீங்களே எழுதுங்கள். வழியில் பள்ளிவாசலோ தேவாலயமோ இருந்தால் தொழுகை, ஆராதனை நேரம் கேட்டு அதற்கு முன்போ பின்போ கடக்கும்படி நேரத்தைப் போடுங்கள். போன வருட அனுமதிக் கடிதத்தின் நகலை இணைத்தால் இது புதுப் பாதை இல்லை என்பது உடனே தெரியும். புதிதாக ஒரு தெருவைச் சேர்த்தாலோ, ஒரு தெருவை மட்டும் விட்டாலோ, விஷயம் வட்டாட்சியர் முன் அமைதிப் பேச்சுவார்த்தைக்குப் போகும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் விடுபடுவது யாருடைய தெரு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இதில் போலீஸைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மின்கம்பியை மட்டும் எந்த கமிட்டியும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். சப்பரத்தின் உயரத்தை அலங்காரம், குடை, சீரியல் செட் எல்லாம் கட்டிய பிறகு அளக்க வேண்டும். வழக்கமான பாதைதானே என்று விடவும் முடியாது. மேலே மேலே தார் போட்டால் சாலை உயரும், கம்பி அதே இடத்தில்தான் இருக்கும். மின்வாரிய உதவிப் பொறியாளருக்கும் இதே பாதை-நேரத் தாளைக் கொடுத்து, எந்த நேரத்தில் எந்த லைனை நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். அந்தக் கடிதத்தின் நகல் காவல்துறை மனுவோடு போகட்டும்.

ஒலிபெருக்கிக்குத் தனியாக எழுதுங்கள். எத்தனை பெட்டி, எந்த இடத்தில், எந்தத் தேதிகளில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. கூம்புக் குழாய் வேண்டவே வேண்டாம். ஆடல் பாடல் நிகழ்ச்சி வைப்பதாக இருந்தால் இந்த மனுவுக்குள் நுழைக்காதீர்கள். அதற்கு நிபந்தனைகள் வேறு, அது மறுக்கப்பட்டால் ஊர்வலமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

ஒரு மாதம் முன்பே கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காப்புக் கட்டிய பிறகு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு ஓடினால், இந்த இரண்டு தாளும் இல்லாமல் வக்கீலால் என்ன செய்ய முடியும்? அனுமதி கைக்கு வந்ததும் ஒரு ஜெராக்ஸ் மைக் செட்காரருக்குப் போக வேண்டும். விடியற்காலை 5 மணிக்குப் பாட்டைப் போடுகிறவர் அவர்தான், வழக்கு வருவது மனுவில் கையெழுத்துப் போட்டவர் மேல்.