வாரம் ஒரு ஆஃப் கொடுத்தாச்சாம்!

நேற்று வந்த ஷிப்ட் அட்டவணையைப் பார்த்திருப்பீர்கள். "வாரத்துக்கு ஒரு ஆஃப் இருக்கே, இன்னும் என்ன?" என்று கேட்டவரையும் பார்த்திருப்பீர்கள்.

சரி, எண்ணுவோம். இந்த வாரம் ஆஃப் திங்கள். அடுத்த வாரம் ஆஃப் ஞாயிறு. வாரத்துக்கு ஒன்று, கணக்கு கச்சிதம். நடுவில் செவ்வாயில் தொடங்கி மறு சனி வரை 12 நாள், மூச்சு விடாமல் வேலை. அதனால்தான் சொல்கிறேன், வாரத்துக்கு எத்தனை ஆஃப் என்று பார்க்காதீர்கள், தொடர்ந்து எத்தனை நாள் என்று பாருங்கள்.

அதுவும் 12 மணி நேர ஷிப்ட். பொறுப்பு ஒப்படைப்பு, போக வர 2 மணி நேரம், குளியல், சாப்பாடு எல்லாம் போனால் தூக்கத்துக்கு மிஞ்சுவது 6 மணி நேரம், நல்ல நாளில். 2003இல் ஓர் ஆய்வில் சிலரை 14 நாள் தினமும் 6 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். கவனச் சோதனையில் அவர்களின் தடுமாற்றம் முழு இரவு தூங்காதவர்கள் அளவுக்குப் போனது. ஆனால் 'தூக்கம் வருகிறதா' என்று கேட்டால், கொஞ்சம்தான் என்றார்கள். களைப்பு தினமும் ஏறும், களைத்திருக்கிறோம் என்ற உணர்வு மட்டும் பாதியில் நின்றுவிடும்.

எனக்கு அதை உணர்த்தியது மகள். அப்படி ஒரு நீண்ட ஓட்டத்தின் நடுவே போனில், "அப்பா, இதை இப்பத்தானே சொன்னீங்க" என்றாள். எனக்கு நினைவே இல்லை. நான் தெம்பாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஊழியரே விரும்பித்தானே ஓவர்டைம் கேட்டார்?" என்பார்கள். கேட்கத்தான் செய்வார், கடன் இருக்கிறது. தன் நிலை தனக்கே தெரியாதவரின் சம்மதத்தை வைத்து அட்டவணை போடுவீர்களா? "நாங்கள் மாசக்கணக்கில் செய்யலையா?" என்கிற பெரியவர்களுக்கு வணக்கம். 2005 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வெடிவிபத்தில் 15 பேர் இறந்தார்களே, அங்கே கட்டுப்பாட்டு அறை ஊழியர்களும் 12 மணி நேர ஷிப்டில் 29 நாளும் அதற்கு மேலும் ஓய்வின்றித்தான் இருந்தார்கள். திரவ மட்டம் காட்டும் கருவியும் தவறாகக் காட்டியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் ஏதோ சரியில்லை என்று சந்தேகப்படத்தானே அங்கே ஓர் ஆளை உட்கார வைக்கிறோம்?

பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டுதல் சாதாரண ஷிப்டுக்கே தொடர்ச்சியாக 5 முதல் 7 நாள்தான் உச்சம் என்கிறது. நீண்ட ஷிப்ட், இரவு ஷிப்ட் என்றால் 2, 3 போதும் என்கிறது. இங்கே 12. நான் சொன்னால் சோம்பேறி.

அப்புறம் அந்த 'ஆஃப்'. திங்கள் காலை 7 மணிக்கு நைட் முடித்து வருகிறவருக்குத் திங்களே ஆஃப், செவ்வாய் காலை 7 மணிக்கு டியூட்டி. பகல் தூக்கத்தைக் கழித்தால் அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு ராத்திரி. பழைய களைப்பு இறங்க அது போதாது, அடுத்த ஓட்டம் அதன் மேலேயே தொடங்கும். நைட் முடியும் தேதியை ஆஃப் என்று எண்ணாதீர்கள், நைட்டிலிருந்து பகலுக்கு மாற்றினால் நடுவில் 2 ராத்திரி விடுங்கள் என்று எழுதியே கொடுத்தேன். எனக்கு டீம் ஸ்பிரிட் இல்லை என்று பதில் வந்தது. இத்தனை வருஷம் பண்டிகை நாளெல்லாம் மற்றவர்களுக்காக நைட் பார்த்தவனுக்கு!