சரியான அம்புக்குறிக்குச் சிவப்பு மையா?

ஐந்து மார்க் கேள்விக்கு மூன்று மார்க். அண்ணன் மகளின் பேப்பரை நேற்று ராத்திரி பார்த்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. டேனியல் மின்கலம். இடது பக்கம் துத்தநாக சல்பேட்டில் துத்தநாகத் தகடு, வலது பக்கம் காப்பர் சல்பேட்டில் தாமிரத் தகடு, நடுவில் உப்புப் பாலம், எல்லாமே சரியாகத்தான் வரைந்திருக்கிறாள். துத்தநாகத்துக்கு மைனஸ் போட்டு, எலக்ட்ரான் மேலே கம்பி வழியாகத் தாமிரத்துக்குப் போவதாக அம்புக்குறியும் போட்டிருக்கிறாள். அந்த மைனஸைச் சிவப்பு மையில் அடித்துப் பிளஸ் ஆக்கி, அம்புக்குறியையும் திருப்பி வைத்திருக்கிறார்கள்! ஓரத்தில் "நேர்மின்வாய்!" என்று ஒரு குறிப்பு வேறு.

அதே படத்துக்குக் கீழே Zn → Zn²⁺ + 2e⁻ என்று எழுதியிருக்கிறாள், அதற்கு மட்டும் டிக். துத்தநாகம் இரண்டு எலக்ட்ரானை விட்டுவிட்டுக் கரைசலில் இறங்குகிறது என்பது சரியாம். விட்ட எலக்ட்ரான் தகட்டில்தானே தேங்கும்? தேங்கினால் அது மைனஸ்தானே? அங்கிருந்து கம்பி வழியாக வெளியே போகாமல், தாமிரத்திலிருந்து வேறு எலக்ட்ரான் வந்து சேருமா?

எல்லாக் குழப்பமும் அந்தப் பெயரால்தான். ஆனோடு என்றால் ஆக்ஸிஜனேற்றம் நடக்கும் இடம், அவ்வளவுதான். மின்னாற்பகுப்பில் வெளியிலிருக்கும் பேட்டரி அங்கிருந்து எலக்ட்ரானை இழுப்பதால் அது பிளஸ். அதை வைத்து நேர்மின்வாய் என்று தமிழில் பெயர் வைத்துவிட்டோம். தானே மின்சாரம் தரும் டேனியல் மாதிரிக் கால்வானிக் கலத்தில் அதே ஆனோடு மைனஸ். பெயரைப் பார்த்துக் குறி போட்டால் இப்படித்தான் ஆகும்.

விடவில்லை நான். அண்ணன் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் இருக்கிறார், போர்டோ கலவைக்கு வாங்கிய மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், கொஞ்சம் வீட்டில் இருந்தது, துத்தநாக சல்பேட் உரக்கடையில் கிடைத்தது. இரண்டு கண்ணாடி டம்ளர், உப்புத் தண்ணீரில் நனைத்த வடிதாள்தான் பாலம். மல்டிமீட்டரின் சிவப்பு முனையைத் தாமிரத்தில் வைத்தால் 1.05 வோல்ட். துத்தநாகத்தில் வைத்தால் அதே எண்ணுக்கு முன்னால் மைனஸ். வடிதாளை எடுத்தேன், எண் தங்கவில்லை. திரும்ப வைத்ததும் பழையபடி வந்தது. அந்தப் பாலத்தில் எலக்ட்ரான் போவதே இல்லை, அயனிகள்தான் நகர்கின்றன: எதிரயனி துத்தநாகம் இருக்கும் பக்கம், நேரயனி தாமிரம் இருக்கும் பக்கம். கண்ணெதிரே பார்த்துவிட்டாள் பிள்ளை.

பார்த்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தப்பைத் திருத்தி ஐந்து முறை வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்களாம். துத்தநாகத்துக்குப் பிளஸ், திரும்பிய அம்புக்குறி, ஐந்து முறை. மூன்றாவது படம் வரையும்போது நிமிர்ந்து பார்த்து, "அத்தை, பப்ளிக் பரீட்சையில எதை வரையட்டும்?" என்று கேட்டாள். மீட்டர் காட்டினதை வரைடா கண்ணு என்றேன். சரி என்று சொல்லிவிட்டு நான்காவது பிளஸைப் போட்டாள்.