அவர்கள் குகையில் குடித்தனம் நடத்தவில்லை

ஆதிமனிதனைப் பற்றிய அந்த வீடியோவை நேற்றிலிருந்து எத்தனையோ பேர் அனுப்பிவிட்டீர்கள். "குகையில வாழ்ந்தான், கிடைச்சதைப் பச்சையா தின்னான், பலசாலி பிடுங்கிக்கிட்டான், பொழுது போகலன்னா சுவத்துல கிறுக்கினான்." நாலு வாக்கியம், நாலும் தப்பு. கீழே பொறுமையாகத் திருத்தம் எழுதினேன். "ஓவரா படிச்சவன் வந்துட்டான்" என்று பதில், அதற்கு நூறு சிரிப்பு. வலித்தது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பிரான்சில், பாரிசுக்குத் தென்கிழக்கே சீன் நதிக்கரையில் பின்ஸ்வான் என்றோர் இடம். மணல் அள்ளிய குழியில் 1964இல் வெளிப்பட்டது. சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முந்தைய வேட்டைக்காரர்களின் முகாம். குகை அல்ல, திறந்தவெளி. நதியின் மெல்லிய வெள்ளம் வண்டலைப் படியவிட்டு மூடியதால், அடுப்புக் கல், எலும்பு, கல் சில்லு எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தன. தொல்லியலாளர் ஆந்த்ரே லெருவா-கூரானின் குழு மண்ணை ஆழமாகத் தோண்டாமல், அகலமாகத் திறந்து, ஒவ்வொரு துண்டின் இடத்தையும் வரைபடத்தில் குறித்தது.

எந்த மாதத்தில் அங்கே இருந்தார்கள் என்பதைப் பல் சொல்கிறது. ரெயின்டீர் என்ற பனிப்பிரதேச மானின் குட்டிகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில், மே கடைசி, ஜூனில் பிறக்கும். தாடையில் எந்தப் பல் முளைத்திருக்கிறது, எது இன்னும் உள்ளே இருக்கிறது என்று பார்த்தால் குட்டியின் வயது தெரியும். வயதைப் பிறந்த மாதத்தோடு கூட்டினால் கொன்ற மாதம். பின்ஸ்வானில் விடை இலையுதிர்காலம். மந்தை இடம்பெயரும் நேரம். மானில் கொழுப்பு அதிகமாக இருக்கும். தோலுக்குள் வளரும் ஈப்புழுக்கள் போட்ட ஓட்டைகளும் அதற்குள் ஆறியிருக்கும். இரண்டு மாதம் முந்தினால் கொழுப்பு போதாது. பிந்தினால் மந்தை போய்விடும். இதைக் கணக்குப் போட்டுத்தான் வந்தார்கள். திரிந்து அலைந்து வந்து சேரவில்லை.

"குகை வாயிலில் சாம்பலும் எலும்பும் கிடைத்திருக்கிறதே?" கிடைத்திருக்கிறது. வெயில் விழும் வாயிலிலும் பாறை நிழலிலும் தங்கினார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஓவியம் இருப்பது பெரும்பாலும் அங்கே அல்ல. உள்ளே, இருட்டில், ஈரத்தில். அது வீடு அல்ல. வேலைக்குப் போன இடம்.

பிரான்சின் ஓவியக் குகையான லாஸ்கோவை எடுங்கள். பின்ஸ்வானுக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முந்தையது. உள்ளே போக விளக்கு வேண்டும். குழிவான கல்லில் விலங்குக் கொழுப்புக் கட்டி, திரியாக ஜூனிபர் குச்சி. உருகிய கொழுப்பு அதிகமாகத் தேங்கினால் திரி மூழ்கி அணைந்துவிடும். அதனால் அடிக்கடி கவனிக்க வேண்டும். வெளிச்சமோ மெழுகுவர்த்தி அளவுகூட வராது. கைக்கு எட்டாத உயரத்தில் வரைய, ஒரு கூடத்தில் சுவரில் வரிசையாகக் குழிகள். அதில் மரத்தைச் செருகிக் களிமண்ணால் இறுக்கிச் சாரம் கட்டியிருக்கிறார்கள். மரம் வெட்டணும், உள்ளே இழுக்கணும், ஒருவர் விளக்குப் பிடிக்கணும், ஒருவர் வண்ணத்துக்கு இரும்பு, மாங்கனீசுக் கற்களை அரைத்துக் கொடுக்கணும். பொழுது போகாதவன் செய்யும் வேலையா இது?

"வேட்டை பலிக்க மந்திரமாக வரைந்திருப்பான்" என்று ஒரு நண்பர். இருக்கலாம் என்று ஒதுங்கிப்போக எனக்கு மனசில்லை. லாஸ்கோவில் கிடைத்த உணவு எலும்பில் ஏறக்குறைய எல்லாமே ரெயின்டீர். சுவரில் நூற்றுக்கணக்கான விலங்குகளில் ரெயின்டீர் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று. தின்றதை வரையவில்லை. அந்தக் குகையை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த நோர்பேர் ஓஜுலா கவனித்தது இன்னும் பெரிது: ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்த இடங்களில் குதிரை முதலில், அடுத்து காட்டெருது, கடைசியில் ஆண் செம்மான். ரோமத்தையும் கொம்பையும் பார்த்தால் குதிரை வசந்தகாலத் தோற்றத்தில், காட்டெருது கோடையில், ஆண் செம்மான் இலையுதிர்காலத்தில். பருவங்களின் கணக்குதான் சுவரில் இருக்கிறது என்பது அவர் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

"அப்போ அது சொர்க்கமா?" என்று கேட்டவருக்கு: இல்லை. பிறந்த பிள்ளைகளில் நிறையப் பேர் சின்ன வயதிலேயே செத்தார்கள். அதற்காக அவர்களை மடையர்கள் என்று சொல்ல முடியாது.

கடைசியாக, "பலசாலி பிடுங்கிக்கிட்டான்". என்னைத் தூங்கவிடாத வரி இதுதான். பின்ஸ்வானில் தொல்லியலாளர்கள் ஜேம்ஸ் என்லோவும் ஃபிரான்சின் டேவிடும் ரெயின்டீர் எலும்புகளை அளந்து ஜோடி சேர்த்தார்கள். ஒரே மானின் இடக்காலும் வலக்காலும் அளவில் ஒத்துப்போகும், மூட்டுகளும் ஒன்றோடொன்று பொருந்தும். அப்படிப் பொருத்தியபோது ஒரு மானின் ஒரு பக்கக் கால் இந்த அடுப்பருகே, மறுபக்கக் கால் தள்ளியிருந்த வேறொரு அடுப்பருகே. வேட்டையாடியவன் வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பங்கு போயிருக்கிறது. ஒரு மானில் மட்டும் அல்ல, பல மான்களில். அந்த வீடியோ போட்டவர் வேறு எதையும் திருத்தாவிட்டாலும், இந்த ஒரு வரியையாவது எடுத்துவிடட்டும்.