30 பங்குகளும் சேர்ந்து விழும்போது

“30 பங்குகள் வைத்திருந்தால் சரிவிலும் பயமில்லை, ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும்.”

அமைதியான காலத்துக்கு இது பெரும்பாலும் சரிதான். சரிவில் அப்படி நடப்பதில்லை. கடன் வாங்கி முதலீடு செய்தவர்கள் பணம் திரட்ட, விற்க முடிந்ததையெல்லாம் ஒரே நேரத்தில் விற்கிறார்கள்; சம்பந்தமில்லாத பங்குகளும் சேர்ந்தே விழுகின்றன.

சம அளவில் 30 பங்குகள். இரு பங்குகள் எந்த அளவு சேர்ந்தே அசைகின்றன என்பதைச் சொல்லும் எண் ஒட்டுறவு; 1 என்றால் முழுக்கச் சேர்ந்தே. ஒவ்வொரு ஜோடிக்கும் அது 0.2 என்றால், தொகுப்பின் ஏற்ற இறக்கம் தனிப் பங்கினுடையதில் சுமார் 48 சதவீதம். ஒட்டுறவு 0.8 ஆனால் 90 சதவீதம். 300 பங்குகளாக்கினாலும் இந்த 90 அநேகமாக அசையாது. (தனிப் பங்கின் ஆட்டமே அப்போது கூடியிருக்கும் என்பது வேறு.)

நீங்களே சரிபார்க்கலாம். இரு பங்குகளின் தினசரி விலை மாற்றச் சதவீதங்களை விரிதாளில் இட்டு, 2019க்கும் சரிவு நடந்த 2020 மார்ச்சுக்கும் தனித்தனியே, ஒட்டுறவைக் கணக்கிடும் `CORREL` போடுங்கள்; பல ஜோடிகளுக்குச் செய்து பாருங்கள். விலையையே போட்டால் விடை ஏமாற்றும்.