ஆறு கன்ஃபர்மேஷனும் செல்லாமல் போன நாள்

போன சனிக்கிழமை டர்பனில், சாட்ஸ்வர்த்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிற தம்பி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு வாடிக்கையாளர் லேப்டாப்புக்குப் பிட்காயினில் பணம் அனுப்பியிருந்தார். தம்பி போனை என் முன்னால் நீட்டி, "அண்ணா, ஆறு கன்ஃபர்மேஷன் காட்டுது. இதுக்கு மேல என்ன சந்தேகம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அங்கேயே சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். போன் வாலட்டை மட்டும் நம்பி வியாபாரம் செய்கிறவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பரிவர்த்தனைகளின் தொகுப்புதான் பிளாக், அதை உருவாக்குகிறவர்கள் மைனர்கள். நம் பரிவர்த்தனை ஏறிய பிளாக்கையும் அதன்மேல் அடுக்கப்பட்ட பிளாக்குகளையும் சேர்த்து எண்ணினால் வருவதுதான் கன்ஃபர்மேஷன். போனில் இருப்பது லைட் வாலட். அது பிளாக்குகளை முழுசாக இறக்குவதில்லை. ஒவ்வொரு பிளாக்கின் தலைப்பை, அதாவது 80 பைட் ஹெட்டரை மட்டும் எங்கோ இருக்கிற ஒரு சர்வரிடம் வாங்கிக்கொள்கிறது. உங்கள் பரிவர்த்தனை அந்த பிளாக்குக்குள் இருக்கிறது என்பதற்கு ஒரு சிறிய கணக்குச் சான்றையும் சர்வர் தரும். ஆக வாலட்டால் இரண்டு விஷயங்களைச் சோதிக்க முடியும்: அந்த ஹெட்டருக்கு மைனர்கள் உழைத்திருக்கிறார்கள், நம் பரிவர்த்தனை அதற்குள் இருக்கிறது. ஆனால் அந்த பிளாக் விதிப்படி செல்லுமா? அது வாலட்டுக்குத் தெரியாது.

இது வெறும் பயம் காட்டுவதற்காகச் சொல்வதல்ல, நடந்திருக்கிறது. 2015 ஜூலை 4 அன்று பிட்காயினில் ஒரு புது விதி அமலுக்கு வந்தது. கையொப்பங்களைக் கறாரான ஒரே வடிவத்தில் எழுத வேண்டும் என்ற BIP66 அது. கடைசி 1,000 பிளாக்குகளில் 950 புதுப் பதிப்பாக இருந்தால் அதன் பிறகு பழைய பதிப்பு பிளாக் செல்லாது என்பது ஏற்பாடு. அந்த எண்ணிக்கை எட்டிய சிறிது நேரத்தில், மென்பொருளைப் புதுப்பிக்காத ஒரு சிறிய மைனர் பழைய பதிப்பில் 363731-ஆம் பிளாக்கை உருவாக்கினார். அது செல்லாத பிளாக். ஆனால் அப்போது வலையமைப்பின் கிட்டத்தட்ட பாதி மைனிங் சக்தி, முந்தைய பிளாக்கைச் சோதிக்காமலேயே அதன்மேல் அடுத்ததை அடுக்கிக்கொண்டிருந்தது. நேரத்தை மிச்சப்படுத்தத்தான். அப்படிச் செல்லாத சங்கிலி ஆறு பிளாக் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது.

அந்தச் சங்கிலியைப் பார்த்த லைட் வாலட்களுக்கு எல்லாம் சரியாகவே தெரிந்தது. தம்பி போனில் காட்டியது போலவே ஆறு கன்ஃபர்மேஷன். பிளாக்குகளை முழுசாக இறக்கித் தானே சோதிக்கிற மென்பொருள்தான் முழு நோட். அதன் புதுப் பதிப்பை வைத்திருந்தவர்களுக்கோ அந்த பிளாக்குகள் வந்ததும் தள்ளுபடி. மைனர்களின் உழைப்பு பாதி அந்தப் பக்கம் இருந்ததும் நோட்டை அசைக்கவில்லை. மற்றவர்களுக்கு அப்போது கொடுக்கப்பட்ட அறிவுரை, வழக்கத்தைவிட இன்னும் 30 கன்ஃபர்மேஷன் காத்திருங்கள் என்பது. பழைய பதிப்பு நோட்டுகளும் அன்று ஏமாந்தன என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். நோட் தனக்குத் தெரிந்த விதியைத்தான் சோதிக்கும்.

முழு நோட் 2009-இன் முதல் பிளாக்கிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கி, தானே கணக்குப் பார்க்கிறது. செலவழிக்கிற காசு உண்மையில் இருக்கிறதா, முன்பே செலவாகிவிட்டதா, வந்ததைவிட அதிகமாக வெளியே போகிறதா, மைனர் தனக்குரிய கூலிக்கு மேல் எடுத்துக்கொண்டாரா என்று பார்க்கும். ஒரு நுணுக்கம்: மிகப் பழைய பிளாக்குகளில் கையொப்பச் சோதனையை மட்டும், முழு நோட் மென்பொருளான Bitcoin Core வேகத்துக்காகத் தவிர்க்கும். அதையும் பார்க்க வேண்டுமென்றால் `assumevalid=0` என்று கொடுக்கலாம், நேரம் கூடுதலாகும்.

பெரிய டிஸ்க் வேண்டுமே என்று பயப்படாதீர்கள். bitcoin.conf கோப்பில் இந்த ஒரு வரி போதும்:

```
prune=550
```

எல்லா பிளாக்கையும் இறக்கிச் சோதித்துவிட்டு, பழைய பிளாக் கோப்புகளை அழித்துக்கொண்டே போகும். 550 என்பது அந்தக் கோப்புகளுக்கான மெகாபைட் இலக்கு. இன்னும் செலவாகாத காசுகளின் பட்டியலுக்குத் தனியே பத்து ஜிகாபைட்டுக்கு மேல் வேண்டும். டவுன்லோடு டேட்டாவும் நூற்றுக்கணக்கான ஜிகாபைட் ஆகும், அதனால் ஃபைபர் இணைப்பு இருந்தால் நல்லது. சின்ன யூபிஎஸ் ஒன்றும் வாங்கிவிடுங்கள். 2023-இல் லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது, திடீரென்று மின்சாரம் போய் என் நோட்டின் தரவு கெட்டு, முதலிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று.

பலர் கோட்டை விடுகிற இடம் வேறு. வீட்டில் நோட் ஓடும், போன் வாலட் மட்டும் பழையபடி யாரோ ஒருவருடைய சர்வரிடம் கேட்டுக்கொண்டிருக்கும். அப்படியென்றால் அந்த நோட் உங்களுக்காக எதையும் சோதிக்கவில்லை. எனக்கே ஒருமுறை வந்த பணம் இரண்டு மணி நேரம் வாலட்டில் தெரியவில்லை. வீட்டு நோட்டில் `bitcoin-cli getblockcount` அடித்துப் பார்த்தேன், வாலட் இணைந்திருந்த சர்வர் பதினொரு பிளாக் பின்தங்கி நின்றது. பொய் சொல்ல வேண்டுமென்றுகூட இல்லை, சர்வர் பேசாமல் இருந்தாலே போதும், நமக்குத் தெரியாது. அதோடு நம் முகவரிகள் எல்லாம் சேர்ந்து ஒருவருடையவை என்பதும் அந்த சர்வருக்குத் தெரிந்துவிடுகிறது. Bitcoin Core-க்குள்ளேயே இருக்கிற வாலட்டில் பணம் வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை.

சாட்ஸ்வர்த் தம்பி அன்றே ஒரு பழைய லேப்டாப்பில் ஏற்றிவிட்டார். நேற்று இரவு அழைத்தார். 2015-ஐத் தாண்டிவிட்டதாம், `bitcoin-cli getblockhash 363731` அடித்துப் பார்த்தாராம். அந்த எண்ணில் இப்போது இருப்பது விதிப்படி வந்த வேறொரு பிளாக்.