மாலைப் படிப்புக் குழுவும் கொட்டாஞ்சேனைத் தம்பியின் 24 மணித்தியாலமும்

என் மகன் இந்த முறை ஏ.எல். கணிதப் பிரிவு. ஐந்து பேர் சேர்ந்து மாலையில் படிக்கிறார்கள். நாங்கள் வெள்ளவத்தை. ஒரு பிள்ளை தெஹிவளை, ஒரு தம்பி பம்பலப்பிட்டி, ஒருவர் கொட்டாஞ்சேனை. ஐந்தாவது தம்பி ஹட்டனிலிருந்து வந்து எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி போர்டிங்கில் இருக்கிறார். இவர்களுடைய முதல் நேர அட்டவணை இரண்டு கிழமை கூட நிலைக்கவில்லை. அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். இப்போது வீட்டுக்கு வீடு இதே ஏற்பாடுதான் நடக்கிறது, இதே தவறும் நடக்கிறது.

முதல் தவறு வாட்ஸ்அப் வாக்கெடுப்பு. எத்தனை மணிக்குக் கூடுவது என்று குழுவில் போட்டார்கள். ஏழு மணிக்கு மூன்று வாக்கு, நான்கு மணிக்கு இரண்டு. சரி, திங்கள், வியாழன், சனி ஏழு முதல் ஒன்பது வரை என்று முடிவாகிவிட்டது. வாக்களித்த மூன்று பேரும் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் இருப்பவர்கள். தெஹிவளைப் பிள்ளை எட்டு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும், அது அவள் அப்பாவின் கண்டிப்பு. எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே அவர் எங்கள் கேட்டடியில் ஸ்கூட்டரோடு நிற்பார். கொட்டாஞ்சேனைத் தம்பி எட்டே காலுக்குப் புத்தகத்தை மூடுவார். ஆக இரண்டு மணித்தியாலம் என்று பெயர், ஐந்து பேரும் சேர்ந்து இருந்தது ஐம்பது நிமிடம்.

ஐந்து பேர் கூடும் விடயத்தில் பெரும்பான்மை பார்த்துப் பயனில்லை. எந்த நேரம் வசதி என்று கேட்டால் பிள்ளைகள் ஆசையைச் சொல்வார்கள். எந்த நேரம் முடியவே முடியாது என்று கேட்டால்தான் உண்மை வரும். பிறகு நான் அவர்களை மேசையில் இருத்தி அதைத்தான் கேட்டேன். ஆளுக்கொரு நிறப் பேனையால் கலண்டரின் பின்பக்கத்தில் முடியாத நேரத்தை அடித்தார்கள். திங்களும் புதனும் நான்கு முதல் ஆறரை வரை மூன்று பேருக்கு ரியூஷன். செவ்வாய் மூன்றரை முதல் ஐந்தரை வரை என் மகனுக்கும் கொட்டாஞ்சேனைத் தம்பிக்கும் பம்பலப்பிட்டியில் பௌதிகவியல் வகுப்பு. வெள்ளி யாருக்கும் சரிவராது. பம்பலப்பிட்டித் தம்பிக்கு மஃரிப் தொழுகை, இந்த மாதங்களில் அது ஆறு மணியை ஒட்டி வரும். தெஹிவளைக்கு எட்டு, கொட்டாஞ்சேனைக்கு எட்டரை. எல்லாம் அடித்து முடித்தபோது அந்தத் தாளில் வெள்ளையாக மிஞ்சியவை மூன்று கட்டங்கள்தான். செவ்வாய் ஆறு இருபது முதல் ஏழரை வரை, வியாழன் மூன்றே முக்கால் முதல் ஐந்தே முக்கால் வரை, சனி மூன்றே கால் முதல் ஐந்தே முக்கால் வரை.

மொத்தம் ஆறு மணித்தியாலத்துக்கும் குறைவு. என் மகனுக்கு முகம் வாடிவிட்டது. "இவ்வளவுதானா அம்மா?" என்றான். இவ்வளவுதான். ஆனால் இது ஐந்து பேரும் முழுதாக இருக்கப் போகும் நேரம். முடியும் நேரத்தை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வந்தால்தான் இது பிடிபடும்.

இனி இடம். முறை வைத்து ஐந்து இடத்திலும் மாறி மாறி என்றுதான் முதலில் வைத்திருந்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஐந்து கிழமைக்குப் பதினைந்து அமர்வு, ஆளுக்கு மூன்று முறை. ஆனால் கொட்டாஞ்சேனைத் தம்பியின் பக்கத்தில் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினைந்தில் பன்னிரண்டு முறை அவர்தான் இந்தப் பக்கம் வர வேண்டும். காலி வீதி நெரிசலில் மாலை நேரத்தில் போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். பன்னிரண்டு முறைக்கு 24 மணித்தியாலம். இணைந்த கணிதத்தில் ஒரு வினாத்தாள் மூன்று மணித்தியாலம். பரீட்சைக்கு முந்திய ஐந்து கிழமையில் அந்தப் பிள்ளை எட்டு வினாத்தாளை பஸ்ஸில் நின்றே தொலைத்திருப்பார். மற்றவர்கள் அவர் வீட்டுக்குப் போவது மூன்றே முறை, மற்ற நாட்களில் எல்லாம் அவர்களுக்குப் பக்கத்துப் பயணம்தான். தூரம் சமமாக இல்லாதபோது முறை மட்டும் சமமாக இருப்பது நியாயம் இல்லை.

அதனால் இடத்தை வீட்டை வைத்துத் தீர்மானிக்காமல், அன்றைக்குப் பிள்ளைகள் ஏற்கனவே எங்கே நிற்பார்கள் என்பதை வைத்துத் தீர்மானித்தோம். செவ்வாய் ரியூஷன் பம்பலப்பிட்டியில் முடிகிறது. கொட்டாஞ்சேனைத் தம்பி எப்படியும் அங்கே வந்திருப்பார். எனவே செவ்வாய் எப்போதும் பம்பலப்பிட்டி வீடு. தொழுகை முடித்துத் தம்பியும் வந்து உட்காரலாம். வியாழன் எங்கள் பக்கம் மாறி மாறி. சனி நேரம் கூட என்பதால் ஒரு கிழமை கொட்டாஞ்சேனை, மறு கிழமை எங்கள் வீடு. ஐந்து கிழமையில் மூன்று சனி கொட்டாஞ்சேனைக்கு வருகிறது. இப்போது அந்தத் தம்பிக்குக் குழுவுக்காகவே செய்யும் பயணம் ஏழு, அதாவது 14 மணித்தியாலம். இதுவும் கூடத்தான். ஆனால் பத்து மணித்தியாலம் மிச்சம்.

அப்புறம், எனக்கு இன்னமும் மனதை வருத்தும் விடயம் போர்டிங் தம்பியுடையது. முதல் அட்டவணையில் ஒரு வியாழன் அவருடைய முறை. அன்று காலையில் குழுவில் "மச்சான், காய்ச்சல், இண்டைக்கு ஏலாது" என்று போட்டார். பாவம் என்று மகனிடம் ரசம் கொடுத்து அனுப்பினேன். போனவன் திரும்பி வந்து ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போதுதான் சொன்னான், தம்பி வாசல் படியில் உட்கார்ந்து வினாத்தாள் செய்துகொண்டிருந்தாராம். அது ஒரே அறை, நான்கு பேர், நான்கு கட்டில். மேசை இல்லை. வெளியாட்களை உள்ளே விடுவதில்லை என்பது வீட்டுக்காரரின் நிபந்தனை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு அந்தப் பிள்ளை காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார்.

பெரியவர்கள் நாங்கள் யோசித்திருக்க வேண்டும். முறை என்றால் வீடு என்று வைத்தால், காட்டுவதற்கு வீடு இல்லாத பிள்ளைக்கு அது தண்டனையாகிவிடும். முறை என்றால் பொறுப்பு என்று மாற்றினோம். யாருடைய முறையோ அவர் எந்த ஆண்டு வினாத்தாள் என்று தெரிவுசெய்ய வேண்டும், புள்ளியிடும் திட்டத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து வர வேண்டும், நேரத்தைப் பிடிக்க வேண்டும். இடம் எதுவாகவும் இருக்கலாம். போர்டிங் தம்பி தன் முறைக்கு வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தைச் சொன்னார். நூலகத்தில் சத்தமாக விவாதிக்க முடியாது. அதனால் அன்றைக்கு எழுத்து வேலை மட்டும். பௌதிகவியல் கட்டமைப்பு வினா நான்கையும் நேரம் வைத்து எழுதி, விடைத்தாளை மாற்றி எடுத்துப்போய் வீட்டில் திருத்தி வந்தார்கள். அந்த மாதத்திலேயே நன்றாக நடந்த வியாழன் அதுதான் என்று நான்கு பேரும் சொல்கிறார்கள்.

உள்ளே என்ன செய்வது என்பதும் நேரத்தோடு சேர்ந்த விடயம். மூன்று மணித்தியால வினாத்தாளை மாலையில் கூட்டாக எழுத முயன்றால் பாதியில் நின்றுவிடும். எழுதுவது காலையில் தனியாக, பரீட்சை நடக்கும் நேரத்திலேயே. மாலையில் கூடுவது திருத்துவதற்கும் சண்டை பிடிப்பதற்கும். செவ்வாய் கிடைப்பது எழுபது நிமிடம், அதற்குப் பல்தேர்வு போதும். ஐம்பது கேள்வியையும் பார்க்கத் தேவையில்லை. இரண்டு பேருக்கு மேல் பிழைத்த கேள்விகளை மட்டும் எடுக்கிறார்கள், பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வரும். சரியாகச் செய்தவர்தான் விளக்க வேண்டும். ஐந்து பேரும் பிழைத்திருந்தால் அது ரியூஷன் சேருக்குப் போகும், அதோடு மல்லுக்கட்டி நேரத்தைக் கரைப்பதில்லை.

குழு உடையப் போகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். பிந்தி வருவதை நான் பெரிதாக எடுப்பதில்லை. "நீங்க செய்யுங்கோ, நான் பிறகு போட்டோவில பாக்கிறன்" என்று ஒரு பிள்ளை இரண்டாம் முறை சொன்னால் அந்த நேரமோ அந்த இடமோ அந்தப் பிள்ளைக்குச் சரியில்லை என்று அர்த்தம். அன்றே தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், எல்லோர் முன்னிலையிலும் வேண்டாம்.

அம்மாமாருக்கு ஒரு வேண்டுகோள். முதல் கிழமை நான் ரோல்ஸ் பொரித்தேன். அடுத்த வீட்டில் பிரைட் ரைஸ். அதற்கடுத்த வீட்டில் என்ன செய்வது என்று ஒரு தாய் எனக்குக் கோல் எடுத்துக் கேட்டபோதுதான் நான் செய்த பிழை புரிந்தது. இப்போது எல்லா இடத்திலும் பிளேன்டீயும் பிஸ்கட்டும். அதற்கு மேல் யாரும் எதுவும் செய்யக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறோம்.

பரீட்சை தொடங்கச் சில நாட்களுக்கு முன் ரியூஷன் வகுப்பு, கருத்தரங்கு எல்லாவற்றையும் பரீட்சைத் திணைக்களம் தடை செய்துவிடும். அப்போது மாலைகள் திடீரென்று காலியாகும். இன்னும் இரண்டு நாள் கூட்டுவோம் என்று எங்கள் ஆட்கள் இப்போதே பேசுகிறார்கள். நான் மறுத்துவிட்டேன். ரியூஷன் இல்லாவிட்டால் கொட்டாஞ்சேனைத் தம்பி செவ்வாயும் வேலைமெனக்கெட்டு பம்பலப்பிட்டிக்கு வர வேண்டியிருக்கும், சேமித்த நேரம் மறுபடி பஸ்ஸில் போகும். அந்தக் கிழமை செவ்வாய் அமர்வை நிறுத்துகிறோம். பரீட்சை தொடங்கிய பிறகு முறையே இல்லை, பக்கத்தில் இருப்பவர்கள் மட்டும் கூடலாம்.

போன சனி முதல் தடவையாக நானும் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். முன் அறை ஒன்றுதான். தம்பியின் அம்மா தையல்காரர், மெஷினை மூடி அதன் மேல் பலகை வைத்து மேசையாக்கியிருந்தார். இரண்டு பேர் அதில், மூன்று பேர் பாயில். சேட் தைக்க வந்தவரை வாசலில் வைத்தே அளவெடுத்து அனுப்பினார். நான்கரைக்கு இடி மழை பிடித்தது. ஐந்தே முக்காலுக்குத் தம்பி மணிக்கூட்டைப் பார்த்து "முடிஞ்சுது, கொப்பியை மூடுங்கோ" என்றார். மழை நிற்கும்வரை இன்னொரு கணக்குச் செய்வோம் என்று என் மகன் கேட்டான். தம்பி விடவில்லை. "அவள் எட்டுக்குள்ள தெஹிவளை போகோணும்" என்று சொல்லி, வீட்டில் இருந்த மூன்று குடையையும் எடுத்துக்கொண்டு எங்களை பஸ்ஸடி வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.