மீடியன் எல்லாவற்றுக்கும் சரிதானா?

"சராசரி ஏமாற்றும். தானியங்கி ரிப்போர்ட்டில் எல்லாக் கட்டத்திலும் மீடியனைப் போட்டுவிடுங்கள், அதுதான் உண்மையான எண்."

பாதிதான் சரி. டெலிவரி நேரத்துக்குப் பொருந்தும். ஏழு ஆர்டர்கள் 24, 26, 27, 28, 30, 31, 114 நிமிடங்களில் போய்ச் சேர்ந்தன என்று வைத்துக்கொள்வோம். சராசரி 40. ஆனால் ஆறு பேருக்கு 31 நிமிடத்துக்குள் வந்துவிட்டது; 40-ஐ ஒட்டி யாருக்குமே வரவில்லை. வரிசையில் நடுவில் நிற்கும் 28தான் வழக்கமான நேரம். ஆனால் அந்த 114 நிமிடம் 300 ஆனாலும் மீடியன் 28-லேயே நிற்கும். அதனால் பக்கத்திலேயே 45 நிமிடம் தாண்டிய ஆர்டர்கள் எத்தனை என்றும் காட்ட வேண்டும்.

ஆர்டர் தொகையில் கதை வேறு. 180, 200, 220, 250, 2,150 ரூபாய்க்கு ஐந்து ஆர்டர்கள். மீடியன் 220, அதை ஐந்தால் பெருக்கினால் 1,100தான் வரும். கல்லாவில் விழுந்ததோ 3,000. எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தத்தைத் திருப்பித் தருவது சராசரி (600) மட்டுமே. வருமானக் கணக்குக்கு மீடியனை எடுக்கக் கூடாது.

பலர் சறுக்குவது வாரச் சுருக்கத்தில்: ஏழு நாள் மீடியன்களைக் கூட்டி ஏழால் வகுத்தால் வார மீடியன் கிடைக்காது. அந்த வாரத்தின் எல்லா ஆர்டர் வரிகளின் மீதும் நேரடியாக ஓட்டுங்கள்:

```
=MEDIAN(B2:B900)
```

ரத்தான ஆர்டர்களுக்கு 0 பதிவாகியிருந்தால், முதலில் அந்தக் கட்டங்களைக் காலியாக்குங்கள்.